தாத்தாவுக்கு: காது டெஸ்ட் தாளும் மிஷினும்

தாத்தா, டெஸ்ட் முடிந்து வரும்போது "நான் செவிடாகிவிட்டேனா" என்று கேட்டீர்கள், மாட்டுத்தாவணி இரைச்சலில் நான் சொன்ன பதில் உங்களுக்கு எட்டவில்லை. அதனால்தான் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். நீங்கள் செவிடு இல்லை.

அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. தாளின் இடது ஓரம் தவில் மாதிரி கனத்த ஒலி, வலது பக்கம் போகப்போக குருவிச் சத்தம் மாதிரி கீச்சென்று ஆகும். குறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு சத்தம் கூட்டிய பிறகுதான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. 25 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது. உங்களுக்கு இடது ஓரத்தில் 30, நடுவில் 45, வலது ஓரத்தில் 70. இந்த 70 என்பது சதவீதக் கணக்கு இல்லை தாத்தா, முக்கால்வாசி போய்விட்டதென்று ஆச்சியிடம் சொல்லி அழ வைக்காதீர்கள். வயதாக ஆக உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் தேய்ந்து போவதால் வருவது இது.

ஆ, ஓ எல்லாம் கனத்த ஒலி, நன்றாகக் கேட்கும். ச, த, க, ப போன்றவை மெல்லிசு, அவைதான் நழுவுகின்றன. அத்தை "பால் வேணுமா" என்றது உங்களுக்குக் "கால்" என்று கேட்டது அதனால்தான். யாரும் முணுமுணுக்கவில்லை, நாங்கள் கத்தினாலும் தெளிவு வராது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி காதில் மாட்டும் மிஷின். முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், அதற்காகக் கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மூளைக்குப் பழக நாள் ஆகும். கீச்சென்று விசில் அடித்தால் காதுக்குள் பொருந்தும் அச்சு சரியாக உட்காரவில்லை அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. ஊக்கு, தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போகவே கூடாது, என்னிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

தண்ணீர்தான் இதற்கு முதல் எதிரி. குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றிவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் வேர்வையே போதும் கெடுக்க, தினமும் ராத்திரி உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட அந்த டப்பாவில் வையுங்கள். அச்சை மட்டும் தனியே கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவலாம், நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

பேட்டரி 13-ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போடுங்கள், காற்று பட்டால்தான் வேலை செய்யும். பழையதைக் குழந்தை கையில் கிடைக்க விடாதீர்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.