மார்த்தாண்டம் தேன் கடை: பிழைத்திருத்தமும் அனாமத்துக் கணக்கும் – வினா, விடை

வினா: மார்த்தாண்டத்தில் தேன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் 31.3.2025 இருப்பாய்வில் பற்றுப் பக்கம் ரூ.1,090 குறைந்தது. அந்தத் தொகை அனாமத்துக் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. பிறகு தெரியவந்த பிழைகள்:

(அ) தக்கலைக் கடைக்குக் கடனுக்கு விற்ற ரூ.4,200 விற்பனை ஏட்டில் ஏறவே இல்லை.
(ஆ) குலசேகரம் தேனீ வளர்ப்பவருக்குக் கொடுத்த ரூ.3,500 ரொக்க ஏட்டில் உண்டு. அவர் கணக்கில் எடுத்தெழுதவில்லை.
(இ) கொள்முதல் ஏட்டின் மொத்தம் ரூ.1,000 கூடுதல்.
(ஈ) களியக்காவிளை ஓட்டலுக்கு விற்ற ரூ.2,650, அதன் கணக்கில் ரூ.2,560 எனப் பற்று.
(உ) குளச்சல் கடை தந்த ரூ.750 அதன் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டது.
(ஊ) தேன் பிழியும் இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவு ரூ.1,800 இயந்திரக் கணக்கில் பற்று.
(எ) கூலிக் கணக்கின் பற்றும் பெற்ற கழிவுக் கணக்கின் வரவும் தலா ரூ.600 குறைவு.

திருத்தப் பதிவுகள் தருக. அனாமத்துக் கணக்கு முடிகிறதா? பிழைகளோடு கணக்கிட்ட இலாபம் ரூ.86,000 எனில் சரியான இலாபம் என்ன? தேய்மானம் வேண்டாம்.

விடை:

(அ) முழு விடு பிழை. இரண்டு பக்கமும் விடுபட்டதால் அனாமத்துக்கு வேலையில்லை. தக்கலைக் கடை க/கு ப 4,200. விற்பனை க/கு 4,200.

(ஊ) விதிப் பிழை. பக்கம் சரி, கணக்குதான் தவறு. பழுதுபார்ப்பு க/கு ப 1,800. இயந்திர க/கு 1,800.

(ஆ) பகுதி விடு பிழை. தேனீ வளர்ப்பவர் க/கு ப 3,500. அனாமத்து க/கு 3,500.

(இ), (ஈ), (உ) மூன்றும் செய் பிழைகள். அனாமத்து க/கு ப 1,000. கொள்முதல் க/கு 1,000. அடுத்து, ஓட்டல் க/கு ப 90. அனாமத்து க/கு 90. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் வகுபடும். ஆனால் இருப்பாய்வின் 1,090ஐ வைத்து இதைப் பிடிக்க முடியாது, மற்ற பிழைகள் கலந்துவிட்டன.

(உ)வில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். ரூ.750 என்று எழுதினால் தவறான பற்று மட்டும்தான் நீங்கும். வர வேண்டிய வரவு வராது. இரண்டுக்கும் சேர்த்து அனாமத்து க/கு ப 1,500. குளச்சல் கடை க/கு 1,500.

(எ) ஈடுசெய் பிழை. ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. அதற்காகச் சும்மா விடவும் கூடாது, இரண்டு கணக்குமே தவறாக நிற்கின்றன. கூலி க/கு ப 600. பெற்ற கழிவு க/கு 600. தனித்தனியாக அனாமத்து வழியே இரண்டு பதிவு போட்டாலும் சரிதான், இரு பக்க மொத்தமும் 4,190 ஆகும்.

அனாமத்துக் கணக்கு: பற்று 1,090 + 1,000 + 1,500 = 3,590. வரவு 3,500 + 90 = 3,590. முடிந்தது.

இலாபம்: 86,000 + விற்பனை 4,200 + கொள்முதல் 1,000 + கழிவு 600 – பழுதுபார்ப்பு 1,800 – கூலி 600 = ரூ.89,400. (ஆ), (ஈ), (உ) ஆள்சார் கணக்குகளோடு நின்றுவிடுவதால் இங்கே வராது.