மலை தாண்டாத காய்கள்

திருவோணத்துக்கு நான்கு நாள்கள் இருந்தன. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் பொழுது விடிவதற்குள்ளேயே ஏலம் சூடு பிடித்து, மூட்டைகள் ஒவ்வொன்றாக லாரிகளில் ஏறிக்கொண்டிருந்தன. செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகவேண்டிய லாரிகள் அவை. ஆவணி மாதத்தில் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் விளைவதில் பெரும்பங்கு மலைக்கு அந்தப்பக்கம் போய்விடும் என்பதும், அந்த நாள்களில் உள்ளூரில் காய் வாங்குகிறவர்கள் கூடுதல் விலை கொடுத்தாக வேண்டும் என்பதும் கீழப்பாவூரில் எல்லாருக்கும் தெரிந்ததே.

புனலூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை அன்று மதியம் வருவதாக இருந்தது. அவியலும் வெண்டைக்காய்ப் பச்சடியும் வைக்கவேண்டும் என்று ஆச்சி முதல்நாளே சொல்லிவிட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் செண்பகாவின் கையில் இரண்டு பைகளையும் கொடுத்த தாத்தா, "இன்றைக்கு நீதான் பொறுக்க வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான்" என்றார்.

உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது லாரிக்காகப் பிரித்து வைத்திருந்த தக்காளிப் பெட்டிகள்தாம். ஒரே அளவில், ஒரு கீறல்கூட இல்லாமல், காம்போடு இருந்த அந்தக் காய்களில்தான் வேண்டும் என்று அவள் கேட்டாள். தாத்தா ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது கல்லாக இருந்தது. தோளில் இன்னும் பச்சை மாறவில்லை.

"இது பயணத்துக்கு என்று பறித்த காய், தாயி. மலை ஏறி இறங்கி, கடையில் ஒரு நாள் கிடந்து, அதற்குப் பிறகு பழுக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பறித்திருக்கிறார்கள். நம் வீட்டில் இன்னும் மூன்று மணி நேரத்தில் உலை கொதிக்கும். எதற்கு வாங்குகிறோம், எப்போது சமைக்கப்போகிறோம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு காயைத் தொட வேண்டும்."

மொத்தக் கடைகளைத் தாண்டி, சாக்கை விரித்துச் சில்லறைக்கு விற்பவர்களின் வரிசைக்கு அவர்கள் வந்தார்கள். வெண்டைக்காய்க் குவியலின் முன்னால் உட்கார்ந்த செண்பகா, தெருவில் வண்டிக்காரரிடம் எல்லாரும் செய்வதைப் பார்த்திருந்தபடியால், ஒரு காயை எடுத்து அதன் நுனியைச் சட்டென்று ஒடித்தாள். அடுத்ததை ஒடிப்பதற்குள் தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் மாறியிருந்தது.

"ஒடித்தாயல்லவா, அதை நம் பையில் போடு. இனி அது நம்முடையது" என்றார். ஒரு காலத்தில் அவரும் வெண்டை போட்டவர். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கவேண்டிய பயிர் அது. ஒரு பறிப்புத் தவறினால் பிஞ்சு முற்றி நார் ஓடிவிடும். பறிக்கிறவர்களின் கையும் கழுத்தும் சுனை பட்டு இரவெல்லாம் அரிக்கும். அப்படிப் பறித்துக் கொண்டுவந்த காயை வருகிறவர்கள் எல்லாம் நுனி ஒடித்துப் பார்த்துவிட்டுப் போனால், ஒடிந்த இடம் வெயில் ஏறுவதற்குள் கறுத்து, மீதியை மாட்டுக்குத்தான் போடவேண்டியிருக்கும். இதையெல்லாம் அவர் அவளிடம் நின்று நிதானமாகச் சொன்னார். விற்றுக்கொண்டிருந்த பெண் எடைபோடுவதை நிறுத்திவிட்டு அவர் பேச்சைக் கேட்டாள்.

பிறகு அவர் செண்பகாவின் பெருவிரலைப் பிடித்து, ஒரு காயின் நுனிக்குச் சற்று மேலே மெல்ல அழுத்தச் செய்தார். பிஞ்சாக இருந்தால் அந்த இடம் விரலுக்கு வளைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிரும். முற்றியதாக இருந்தால் அசையாது. மேலே மெல்லிய சுனை இருக்கவேண்டும், வரிகளின் விளிம்பு பழுப்பாகக் கூடாது, நீளம் நடுவிரலை மிஞ்ச வேண்டாம். அரைக் கிலோவைப் பொறுக்கி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. தாத்தா அவசரப்படுத்தவில்லை.

கத்தரிக்காயில் அவள் தேறிவிட்டாள் என்றே சொல்லவேண்டும். காம்பின் மூடி பச்சையாக, முள் குத்தும்படி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரே பருமனுள்ள இரண்டு காய்களை இரண்டு கைகளிலும் ஏந்தி, கனமானதில் விதை மிகுந்திருக்கும் என்று தாத்தா சொன்னதை நினைத்து, இலேசானதை எடுத்துக்கொண்டாள். ஒன்றின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையளவு துளை இருந்ததைத் தாத்தாவே கவனிக்கவில்லை. அவள்தான் கண்டுபிடித்து ஒதுக்கினாள்.

சேனைக்கிழங்குக் கடையில் மட்டும் தாத்தா தாமே குனிந்தார். ஈரமண் அப்பிய முழுக்கிழங்கு வேண்டாம், மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேரும் என்றார். தோல் உலர்ந்து, அடிப்பகுதி அழுத்தினால் அமுங்காத கிழங்காகப் பார்த்து, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தரச் சொன்னார். வாழைக்காயும் தடியங்காய்க் கீற்றும் பக்கத்திலேயே கிடைத்தன. சீனியவரைக்காயை வளைத்துப் பார்த்து வாங்கினார்கள்.

மிச்சம் இருந்தது முருங்கைக்காய். அது இல்லாமல் அவியலா என்பார் தாத்தா. அதைவிட, அத்தைக்குச் சிறுவயதிலிருந்தே அவியலில் முருங்கைக்காய்தான் பிடிக்கும். ஆனால் நல்ல கட்டுகள் எல்லாம் விடியற்காலையிலேயே லாரியில் ஏறிவிட்டன. கடையில் கிடந்தவை தடித்து, உள்ளிருக்கும் விதைகள் வெளியிலிருந்தே எண்ணும்படி முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. தாத்தா அவற்றில் நான்கை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

செண்பகா ஒன்றை வாங்கி, இரு முனையையும் பிடித்து மெல்ல முறுக்கினாள். அது திரும்பவே இல்லை.

"தாத்தா, இது முற்றல்."

"வேகவைத்தால் சரியாகிவிடும், தாயி."

"விதை புடைத்தால் உள்ளே சதை இருக்காது என்று நீங்கள்தானே வரும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்? அத்தை சக்கையைத்தான் துப்பவேண்டும்."

தாத்தா பதில் சொல்லாமல் காய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெறுங்கையோடு திரும்ப அவருக்கு மனம் வரவில்லை என்பது செண்பகாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்; ஏனென்றால் அவள் பைகளை அவர் காலருகே வைத்துவிட்டு, "நீங்கள் இங்கேயே நில்லுங்கள், நான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வரிசையின் கடைசிவரை போனாள்.

கடைசியில், வீட்டுக் கொல்லையில் காய்த்ததைக் கொண்டுவந்திருந்த ஒரு வயதான அம்மாளிடம், கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் மூன்றே மூன்று முருங்கைக்காய்கள் இருந்தன. நீளத்தில் ஒன்றோடொன்று சேராதவை, ஒன்று கோணலாகக்கூட இருந்தது. லாரிக்காரர்கள் அதனால்தான் எடுக்கவில்லைபோலும். செண்பகா அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டு, கோணலானதை எடுத்து முறுக்கினாள். அது வலிக்காமல் திரும்பிக் கொடுத்தது. அவள் கையை உயர்த்தித் தாத்தாவை அழைத்தாள்.

தாத்தா வந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தார். "என்ன விலை, அம்மா?" என்று கேட்டார்.

"ஓணத்து நேரம் அண்ணாச்சி, முப்பது ரூபாய் கொடுங்கள்."

மற்ற நாளாக இருந்தால் இருபதுக்குக் கேட்டிருப்பார். அன்று மடியிலிருந்து மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, காய்களை நனைந்த சாக்குத் துண்டில் சுற்றித் தரும்படி கேட்டுக்கொண்டார். சேனை இருந்த பையைத் தாம் வாங்கிக்கொண்டு, முருங்கைக்காயைச் செண்பகாவிடமே கொடுத்தார். கீழப்பாவூர் பஸ் புறப்பட நேரமாகியிருந்தது.