ரூம் 14 யன்னல் கொண்டி உடைஞ்சு கிடக்கு, மழைக்கு முன்னம் திருத்தித் தாங்க மேடம்

மட்டக்களப்பு
2025.10.07

வணக்கம் மேடம்,

நான் ஹொஸ்டல் கீழ்மாடி ரூம் 14 தர்ஷிகா, செகண்ட் இயர். எங்கட ரூம் யன்னல் கொண்டி உடைஞ்ச விஷயத்த கம்ப்ளெயின்ட் புக்கில எழுதி வச்சிருக்கம், மேட்ரன் அக்காட்டயும் வாயால சொன்னம், அவ பாவம் எழுதிக் குடுத்திட்டன் பிள்ள எண்டுதான் சொல்றா, ஆனா இன்னும் ஒருத்தரும் வந்து பாக்கல்ல. அதான் உங்களுக்கே நேரா எழுதுறன், கோவிக்காதீங்க. புக்கில ஒரு வரியில "யன்னல் பூட்டுப்படுதில்ல" எண்டு எழுதினா என்ன நடந்திருக்கு எண்டு யாருக்கும் விளங்காது, அதால இதில கொஞ்சம் விளக்கமா சொல்றன்.

கிழக்குப் பக்கம், மதில பாத்த மாதிரி இருக்கிற பெரிய யன்னல்தான். ரெட்டைக் கதவு, உள்ளுக்குத் திறக்கிறது, வெளியில கம்பி. இடது கதவில மேல ஒரு கொண்டி, கீழ ஒரு கொண்டி. மேல்க் கொண்டி கறள் பிடிச்சு அரிச்சு அரிச்சு கச்சான் காத்து நேரம் ஒருநாள் கதவு அடிபட்டதோட முறிஞ்சு போச்சு. கீழ்க் கொண்டி நல்லாத்தான் கிடக்கு, ஆனா அது போய் இறங்குற இடத்தில நிலை உக்கிப்போய் ஓட்டை பெருசாகிட்டு, கொண்டிய இறக்கினாலும் விரலால தள்ள கதவு வந்திரும். வலது கதவு இடது கதவில சாஞ்சுதான் பூட்டுப்படும், ஆகவே இடது நிக்காட்டி வலதும் நிக்காது. இப்ப கைபிடியில நைலோன் கயிறு கட்டி வெளிக் கம்பியோட இழுத்து முடிஞ்சு வச்சிருக்கம். கயிறு போற இடைவெளியால ரெண்டு விரல் அகலத்துக்கு எப்பவும் திறந்துதான் கிடக்கும், நுளம்பு வாறதுக்கு அது தாராளம்.

இவ்வளவு நாளும் சமாளிச்சம் மேடம், ஏனெண்டா கச்சான் மேக்கால வாறது, கட்டிடம் மறைச்சுப் போடும். இனி வாடைக் காத்து. அது நேரா இந்த யன்னல் முகத்திலதான் வந்து அடிக்கும், கதவும் உள்ளுக்குத் திறக்கிற கதவு, ஒரு பெரிய காத்துக்கு கயிறு எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்களன். யன்னலுக்கு நேர கீழதான் படிக்கிற மேசை, மேசைக்குப் பக்கத்து சுவரில பிளக் பொயின்ட். போன கிழமை பின்னேரம் இடியோட ஒரு மழை பெஞ்சதே, பத்து நிமிஷம் கூட இருக்காது, அதுக்கே தண்ணி சுவரால வடிஞ்சு பிளக் பொயின்டுக்கு ஒரு சாண் மேல வரைக்கும் வந்திட்டு. உடன சுவிட்ச ஓஃப் பண்ணி லெப்டொப் எல்லாத்தையும் கழட்டி கட்டிலுக்கு மேல வச்சம். அது இருட்டு முன்னம் நடந்தபடியா சரி, நாங்க நித்திரையில இருக்கக்க வந்தா யாருக்குத் தெரியப்போகுது. எனக்கு மத்த எல்லாத்தையும் விட இந்தக் கரன்ட் விஷயம்தான் பயம்.

போன வருஷம் நவம்பர் கடைசி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்தானே, ஃபெங்கல் புயல் நேரம், எங்கட அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் ரோட்டெல்லாம் வெள்ளம், ஏஎல் எக்ஸாமையே இடையில நிப்பாட்டி வச்சாங்க, என்ட தங்கச்சி அப்ப ஏஎல் எழுதினவள். அந்த மாதிரி நாளில ஆள் கூப்பிட்டாலும் யார் வருவா, கடையும் பூட்டு.

அதோட இன்னொண்டு மேடம், இத நான் முக்கியமா சொல்லணும். மழை துவங்கினாப் பொறவு இந்த வேலை செய்யவே ஏலாது. என்ட ரூம்மேட் ஃபஸ்னாட மாமா ஓடாவி, அவருக்கு யன்னல் ஃபோட்டோவ அனுப்பிக் கேட்டம். மரம் ஈரத்தில ஊதினா கதவு நிலையில இறங்காது, ஈரத்தோட சீவினா பொறவு காயக்க இடைவெளி விழும், புட்டி வச்சாலும் பிடிக்காது, பெயின்டும் காயாது எண்டு சொன்னார். புதுக் கொண்டிய மட்டும் வாங்கி பழைய ஓட்டையிலயே அடிச்சிட்டுப் போனா ஒரு மாசம் கூட நிக்காதாம், உக்கின துண்ட வெட்டி எடுத்துப் போட்டு புது மரத்துண்டு வச்சுத்தான் அதில ஓட்டை போடணும், இல்லாட்டி கொண்டிய நாலு விரல் தள்ளி நல்ல மரத்தில பூட்டணும். ஸ்க்ரூ ஆணியும் கொஞ்சம் நீளமா. இரும்புக் கொண்டி வேணாம், பித்தளை இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் போடச் சொன்னார், கடல் காத்துக்கு இரும்பு திரும்ப இதே மாதிரித்தான் போகும். கல்லடியில ஒரு ஹாட்வெயார் கடையில விசாரிச்சம், ஆறு இஞ்சி பித்தளைக் கொண்டி ஒண்டு 850 ரூபா சொன்னாங்க. ஒருத்தர் வந்தா அரை நாள் வேலை. பெரிய செலவு இல்ல மேடம், மழை போய் பிளக் பொயின்ட், மேசை, மெத்தை எண்டு பழுதானா அதுதான் செலவு.

தீபாவளி 20ஆம் தேதி திங்கட்கிழமை. ரூமில நாலு பேரில மூண்டு பேர் 17ஆம் தேதி பின்னேரமே ஊருக்குப் போறம், ஃபஸ்னாவும் அந்தக் கிழமை வீட்டுக்குப் போறாளாம். கயிறு கட்டின யன்னலோட ரூம விட்டுட்டுப் போறதுக்கு மனசு கேக்குதில்ல. கம்பி இருக்கு, ஆள் உள்ளுக்கு வர ஏலாது, ஆனா கயிற அறுத்துட்டு தடி ஒண்ட விட்டு மேசையில கிடக்கிறத இழுக்கிறது பெரிய வேலையா. குரங்குக்கு அறுக்கவும் தேவையில்ல, அது அவிழ்த்துப் போடும். ஐப்பசியும் அந்த நேரம்தான் பிறக்குது.

அதால 17ஆம் தேதிக்கு முன்னம் ஆள் அனுப்பித் தாங்களன் மேடம். வாற சனிக்கிழமை 11ஆம் தேதி காலமை எண்டா எங்களுக்கு லெக்சர் இல்ல, ரூமில ஒருத்தர் கட்டாயம் நிப்பம். வேலை நாளில வந்தாலும் பரவாயில்ல, சாவிய மேட்ரன் அக்காட்ட குடுத்து வைக்கிறம், மேசையையும் கட்டிலையும் முன்னமே இழுத்து வச்சிடுவம். மெயின்டனன்ஸ் ஆக்களுக்கு இந்தக் கிழமை ஏலாது எண்டா, ஃபஸ்னாட மாமா காத்தான்குடியில இருந்து வந்து செஞ்சு தர ரெடி, ஆனா லேடீஸ் ஹொஸ்டலுக்குள்ள வெளி ஆம்பிளை வாறதுக்கு உங்கட எழுத்து வேணும், கேட்டில சும்மா சொன்னா விடமாட்டாங்க, விடவும் கூடாது. அப்படி அவர் வாறதா இருந்தா கொண்டிக் காசு, கூலிக்கு பில்ல ஒஃபிஸில குடுத்தா எடுக்கலாமா எண்டும் சொல்லுங்க.

எதுவும் நடக்காட்டி லீவு நாளைக்காவது வெளிப்பக்கமா அந்த யன்னலுக்கு ஒரு படங்கு கட்டித் தந்தாக் காணும், அந்த பிளக் பொயின்ட எலக்ட்ரீசியன் வந்து பாக்கும் வரைக்கும் நாங்க பாவிக்காம விடுறம். ரூம் 12இலயும் கீழ்ப் பக்கம் நிலை மெதுவா உக்கத் துவங்கியிருக்கு, அவங்கட கொண்டி இப்போதைக்கு நிக்குது, வாற ஆள் அதையும் ஒருக்கா தட்டிப் பாத்தா நல்லம்.

யன்னல் ஃபோட்டோ நாலும், சுவரில தண்ணி வடிஞ்ச ஃபோட்டோ ஒண்டும் உங்கட வட்ஸ்அப்புக்கு இப்பவே அனுப்புறன். என்ன முடிவு எண்டு வியாழனுக்குள்ள ஒரு சொல்லு சொன்னீங்களெண்டா மாமாக்கு நாங்க நாள் சொல்லலாம்.

நன்றி மேடம்.

ரூம் 14 பிள்ளைகள் சார்பா,
தர்ஷிகா