பகல் டியூட்டி

சிலிண்டர் வரும் நாளென்றால் தேன்மொழிக்குத் தூக்கம் இல்லை. செல்லூரில் அவர்கள் தெருவுக்கு வண்டி பத்தரை மணி வாக்கில் வரும். சிலிண்டரைத் திண்ணையில் இறக்கிவிட்டு அந்தத் தம்பி எண்ணைக் கேட்பார். எந்த போன் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் எண் வரும். அந்த போன் தேன்மொழியின் தலையணைக்கு அடியில் கிடக்கும்.

"தேனு, ஒரே ஒரு நிமிடம்மா" என்று அத்தை கதவைத் திறப்பார்.

ஒரு நிமிடம் என்பது பொய்யில்லை. எண்ணைச் சொல்ல அவ்வளவுதான் ஆகும். மறுபடி தூக்கம் வருவதற்குத்தான் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கல் உப்புக்காரரின் ஒலிபெருக்கி தெருமுனையில் திரும்பிவிடும். அது ஓய்ந்தால் யாழினியின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் நாளைக்குக் கொண்டுவர வேண்டிய சார்ட் பேப்பரைப் பற்றி நாற்பது அம்மாக்கள் பேசத் தொடங்குவார்கள். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே அழைப்பு வரும். "சிஸ்டர், மூன்றாம் பெட்டுக்கு யூரின் அளவு எழுதாமல் போய்விட்டீர்களே?"

மாதத்தில் பாதி நாள் அவளுக்கு இரவு டியூட்டி. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை தீவிர சிகிச்சைப் பிரிவில். வீடு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். மூன்றரைக்கு யாழினியின் பள்ளி வேன் வரும். நடுவில் இருக்கும் ஆறரை மணி நேரமும் அவளுடையதுதான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். வீட்டில்தானே இருக்கிறாள், படுத்துத்தானே கிடக்கிறாள்.

முதலில் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கென்று உசிலம்பட்டியிலிருந்து அத்தையின் அண்ணன் வந்திருந்தார். "பட்டப்பகலில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாளா?" என்று அவர் கேட்டதை, அத்தை சாயங்காலம் மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொன்னார். தேன்மொழி தாழ்ப்பாளைக் கைவிட்டாள். சரவணனிடம் சொன்னாள். அவன் ரொம்ப நல்லவன். "அம்மாவிடம் நான் பேசுகிறேன்" என்றான். அத்தோடு சரி.

அந்த வாரம் ஆறாம் படுக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்திருந்தது. ஆனால் மூன்றாம் நாள் முதல் சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார், மகளைப் பார்த்து யார் இந்தப் பெண் என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது புதிதில்லை. இரவா பகலா என்று தெரியாத வெளிச்சமும் அடிக்கொருதரம் எழுப்புவதும் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிடும். பகலில் கண்ணாடியைப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டிருங்கள். இரவில் ரத்தம் எடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் பன்னிரண்டுக்குள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அவசியமில்லாமல் நாலு மணி வரை தொடாதீர்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

தேன்மொழி அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தாள். உப்புநீர் பாட்டில் முடிந்து பம்ப் கத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய் மாற்றினாள். இரண்டேகால் மணிக்கு லேப் பையன் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது திரைக்கு வெளியே வழிமறித்தாள்.

"அவசர டெஸ்டா?"

"இல்லை சிஸ்டர், காலை டெஸ்ட்தான். இப்போதே எடுத்துவிட்டால் எனக்கு வேலை முடியும்."

"நாலு மணிக்கு வா."

நர்சிங் மேசையில் மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஏலியம்மா சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோட்டயத்துக்காரர். மதுரைக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் 'ழ' அவரிடம் பத்திரமாக இருக்கிறது, மதுரைக்காரர்களிடம்தான் இல்லை.

"நீ நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?"

"நாலு இருக்கும். விட்டு விட்டு."

"யார் எழுப்பினார்கள்?"

தேன்மொழி சொன்னாள். சிலிண்டர், பள்ளி, இஸ்திரிக்காரர் பாக்கி, மூன்றாம் பெட் யூரின். சொல்லச் சொல்லத் தனக்கே கோபம் வந்தது. அத்தையின் அண்ணனைப் பற்றியும் சொன்னாள்.

ஏலியம்மா சிஸ்டர் அண்ணனைக் கண்டுகொள்ளவில்லை. "இதில் எதையெல்லாம் யாரிடம் ஓவர் கொடுத்துவிட்டுப் படுத்தாய்?"

"வீட்டில் என்ன ஓவர் சிஸ்டர்?"

"இங்கே காலையில் அடுத்த ஷிஃப்ட்காரரிடம் விவரம் சொல்லி ஓவர் கொடுக்காமல் போய்விடு பார்ப்போம். ஒன்பது மணியிலிருந்து உனக்கு போன் வந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவளை எழுப்பலாமா என்று எவரும் யோசிக்கமாட்டார்கள். விவரம் உன்னிடம் இருக்கிறது, உன்னைத்தானே கேட்க வேண்டும்?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. ஹெப்பாரின் டோஸைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டுமென்று அழைத்தார். இருவரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை தேன்மொழி அத்தையிடம் போய் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஆறாம் படுக்கைக்காரரைப் பற்றிச் சொன்னாள். தூக்கம் கெட்டால் பெற்ற மகளையே தெரியாமல் போகிறது என்றாள்.

அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் மாமாவும் மில்லில் மூன்றாம் ஷிஃப்ட் பார்த்தவர்தானே" என்றார்.

அவருக்குப் பழைய கதை சொல்வது பிடிக்கும். தேன்மொழிக்குக் கேட்க நேரம் இருந்ததில்லை. அன்று கேட்டாள். மாமா விடிந்து பஞ்சுத் தலையோடு வருவாராம். பழையதைக் குடித்துவிட்டுப் படுத்தால் அத்தை மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வைகைக்குத் துவைக்கப் போய்விடுவாராம். அம்மிக்கு வேலை மாலைதான். பால்காரர் மணி அடிக்கக் கூடாது, சொம்பு வாசலிலேயே இருக்கும். ஒருமுறை கடன்காரர் வந்து கத்தியபோது, "மனுஷன் மிஷினில் கையை விடுகிற வேலை பார்க்கிறார், தூக்கம் கெட்டுப் போய் விரல் போனால் நீ தருவாயா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விரட்டினாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் காம்பு ஒன்றை விரலில் வைத்து உருட்டியபடி நிறுத்தினார்.

"உனக்கும் அங்கே மிஷின்தானா?"

"மிஷினும் இருக்கிறது அத்தை. ஊசி, மருந்து. ஒரு புள்ளி தள்ளி வைத்தால் பத்து மடங்கு போய்விடும்."

பஞ்சவர்ணம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பத்தரை மணிக்கு உப்புக்காரரின் வண்டி அவர்கள் வீட்டைத் தாண்டும்வரை ஒலிபெருக்கி இல்லாமல் போனது.

வேலை அதற்குப் பிறகும் நிறைய இருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு சரவணன் தன் சீட் கவர் கடையிலிருந்து கறுப்பு ரெக்சின் கொண்டுவந்து நான்கு ஓரமும் ஒட்டினான். அறை முழுக்க ஒரு வாரம் புது பைக் வாசனை அடித்தது. மார்கழியிலும் டேபிள் ஃபேன் ஓடியது, காற்றுக்காக இல்லை, மிக்சி சத்தத்தை மூடுவதற்காக. டீயை இரவு இரண்டு மணியோடு நிறுத்தினாள். காலை ஐந்தரைக்கு கேண்டீன் பையன் கொண்டுவரும் இஞ்சி டீயை விட்டதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஸ்கூட்டரையும் விட்டாள். இரவெல்லாம் விழித்தவள் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஒரு கண் மூடினால் போதும். ஷேர் ஆட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். காலை வெயில் கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது, எழுந்திரு என்றுதான் மூளை கணக்குப் போடும். என்ன செய்தாலும் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடச் சுருங்கியே வரும், வெயிலையும் வாங்கிக்கொண்டு போனால் சொல்லவே வேண்டாம். தெருவில் இரண்டு பேர் கூலிங் கிளாஸ் பற்றிப் பேசினார்கள். பேசட்டும்.

சிலிண்டர் பதிவுக்கு அத்தையின் எண்ணைக் கொடுத்தாள். பள்ளிக்கு சரவணனின் எண். ஒன்பது மணிக்கு வந்ததும் திண்ணையில் ஐந்து நிமிடம் ஓவர்.

"யாழினிக்கு இருமல் இருக்கிறது, மதியச் சாப்பாட்டில் தயிர் வைக்கவில்லை. இஸ்திரிக்காரருக்கு அறுபது ரூபாய் அலமாரி மேல் இருக்கிறது. தண்ணீர் இன்று வராது."

"எதற்கெல்லாம் உன்னை எழுப்பலாம்?"

இந்தக் கேள்வியை அத்தையே கேட்டார். டாக்டர்கள் எழுதிவைப்பதுபோல் தேன்மொழி மூன்று சொன்னாள். யாழினிக்குக் காய்ச்சல், உங்களுக்கு நெஞ்சு வலி, வீட்டில் தீ.

"என் அண்ணன் வந்தால்?"

"வேண்டாம்."

"கோபித்துக்கொள்வான்."

"மூன்றரைக்கு மேல் வரச் சொல்லுங்கள், நானே காபி போட்டுக் கொடுக்கிறேன்."

பஞ்சவர்ணத்துக்கு அதில் திருப்தி இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அண்ணன் இரண்டு மாதம் வரவில்லை. அதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆடியில் எல்லாம் குலைந்தது. மாரியம்மன் கோயில் கூழுக்கு எதிர்வீட்டு மாடியில் குழாய் கட்டினார்கள். ரெக்சினுக்கும் ஃபேனுக்கும் அது அடங்கவில்லை. அந்த நாட்களில் தேன்மொழி நர்ஸ் ஹாஸ்டலில் ஏலியம்மா சிஸ்டரின் கட்டிலில் படுத்தாள். அத்தை தூக்குச்சட்டியில் கூழும் கருவாடும் கொடுத்தனுப்பினார்.

ஆஸ்பத்திரிதான் கடைசியாக வழிக்கு வந்தது. தேன்மொழி போனில் சரவணனின் எண் மட்டும் ஒலிக்கும்படி வைத்திருந்தாள். ஒருநாள் பதினொன்றரைக்கு அவள் எடுக்காததால் இன்சார்ஜ் சிஸ்டர், அவசரத்துக்கென்று பதிவேட்டில் இருந்த எண்ணை அழைத்தார். அது பஞ்சவர்ணத்தின் எண்.

"தேன்மொழி சிஸ்டரிடம் கொடுங்கள் அம்மா. ஒரே நிமிடம்தான்."

"யாருக்காவது உயிருக்கு ஆபத்தா?"

"அதெல்லாம் இல்லை, ஒரு என்ட்ரி..."

"அவள் ஓவர் கொடுத்துவிட்டாள். இப்போது நான்தான் டியூட்டியில் இருக்கிறேன். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் சொன்னார். பஞ்சவர்ணம் நேற்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

மூன்றேகாலுக்கு எழுந்து வந்த தேன்மொழி முகம் கழுவிவிட்டு அதைப் படித்தாள். 'ரெண்டாம் பெட். பொட்டாசியம் அளவு. காலை ஆறு மணி. எழுதலையாம். நேரம் 11.35.' ஆஸ்பத்திரியை அழைத்தாள்.

"எழுதியிருக்கிறேனே சிஸ்டர், சார்ட்டின் அடுத்த பக்கத்தில் முதல் வரி... ஆமாம். இருக்கிறதா? சரி சிஸ்டர்."

"இருந்ததா?" என்றார் அத்தை.

"இருந்தது."

"அடுத்த முறை தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு போன் போடச் சொல்" என்றபடி பஞ்சவர்ணம் காலண்டர் தாளை வாங்கி, 'முடிந்தது' என்று எழுதி, மாமாவின் படத்துக்குப் பக்கத்திலிருந்த கம்பியில் குத்தினார். வாசலில் வேனின் ஹாரன் கேட்டது. தேன்மொழி செருப்பைத் தேடினாள்.