காலையில் வெயில், சாயங்காலம் கொட்டும்

ஐப்பசி பிறந்தாச்சு. வேலூர்க் கோட்டை மதிலுக்கு மேலே வானம் கறுத்து, அகழித் தண்ணீரில் முதல் புள்ளிகள் விழ ஆரம்பித்தால் லாங் பஜாரே கடை வாசல்களில் ஒதுங்கி நிற்கும். மண் வாசனை, சுடச்சுட மசால் வடை, கையில் டீ. வேடிக்கை பார்க்க அருமையான மழைதான். ஆனால் ஏழு மணி ரயிலுக்குக் காட்பாடி போக வேண்டியவர் எவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பார்?

லாங் பஜார் குடைக்கடையில் மழைக்கால விற்பனை தொடங்கிவிட்டது. கார்த்திகை தீபம் வரை நடக்கும்.

குடை வாங்க வருகிறவர்கள் முதலில் துணியின் நிறத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கம்பியைப் பாருங்கள். காற்றோடு வரும் மழையில் குடை மல்லாந்து போனால், மெல்லிய இரும்புக் கம்பி வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். ஃபைபர் கம்பி வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும். மூன்று மடிப்புக் குடை கைப்பைக்குள் அடங்கும், ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் மூட்டுகள் அதிகம். உடைவதும் அந்த மூட்டில்தான். விரித்து வைத்து, ஒரு கம்பி நுனியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மூட்டு லொடலொட என்று ஆடினால் அந்தக் குடையை அப்படியே வைத்துவிடுங்கள், எங்கள் கடையிலேயே ஆனாலும். நுனிக் குப்பியில் துணி நூலால் தைத்திருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டியது நாலு மழைக்குத் தாங்காது.

மூன்று மடிப்பு, 8 ஃபைபர் கம்பி, 21 அங்குலம்: ரூ. 380. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது போதும். இரண்டு பேர் நனையாமல் நடக்க 27 அங்குல நீளக் குடை, 10 கம்பி: ரூ. 650. பெரியவர்கள் இதையே ஊன்றிக்கொண்டு நடப்பதுண்டு. வேண்டாம், காம்பு வளைந்தால் குடை சரியாக மூடாது. பிள்ளைகளுக்கு 17 அங்குலம், உருண்டை நுனி, எதிரே வருகிற வண்டி தெரிய ஒரு பக்கம் கண்ணாடி போன்ற தாள்: ரூ. 240.

வண்டி ஓட்டுகிறவருக்குக் குடையால் பயனில்லை, ரெயின்கோட்தான். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஹைவேயில் போகிறவருக்கு நெஞ்சு நனைவதைவிட உட்காரும் இடம் நனைவதுதான் பெரிய தொல்லை. மடியில் தேங்குகிற தண்ணீர் பேன்ட்டின் நடுத் தையல் வழியாக இறங்கும். ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வழி. அதனால் ரெயின்கோட்டை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்: தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா? நம்ப வேண்டாம், கவுண்டரில் ஒரு மக் தண்ணீர் வைத்திருக்கிறோம். தையலைக் குழிபோல் பிடித்து, ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து அடியில் தடவிப் பாருங்கள்.

டேப் ஒட்டிய பாலியஸ்டர் செட் ரூ. 1,250. பிவிசி செட் ரூ. 550, மழையை நிறுத்தும், ஆனால் காற்றும் புகாது. நம்ம ஊர் புழுக்கத்தில் அரை மணி நேரம் போட்டால் வியர்வையிலேயே சட்டை நனைந்துவிடும். பக்கத்துத் தெரு வரை போய்வர என்றால் அதுவே போதும்.

அளவு பார்க்கும்போது நின்று பார்க்காதீர்கள், வண்டியில் உட்கார்ந்து கையை ஹேண்டில்பாருக்கு நீட்டிப் பாருங்கள். கை மணிக்கட்டுக்கு மேலும், கால் கணுக்காலுக்கு மேலும் ஏறினால் ஒரு அளவு பெரிது எடுங்கள். முதுகில் பை மாட்டுகிறவருக்கும் அப்படியே. போர்வை மாதிரி தொங்கும் போஞ்சோ நடப்பவர்களுக்கு மட்டும்தான். வண்டியில் காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அதே விலைதான்.

வீட்டுக்குப் போனதும் ஈரக் குடையைச் சுருட்டி உறையில் போட்டுவிடாதீர்கள். ஒரு ராத்திரியில் மூட்டு துருப்பிடிக்கத் தொடங்கும், துணியில் கரும்புள்ளி விழும். பாதி விரித்து நிழலில் காயட்டும். ரெயின்கோட்டுக்கு வாஷிங் மெஷினும் இஸ்திரியும் கூடாது, உள்பூச்சு உரிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்து ஹேங்கரில் மாட்டினால் போதும்.

பழைய குடை எந்த நிலையில் இருந்தாலும் கொண்டு வாருங்கள், புதிய குடை விலையில் ரூ. 50 குறைத்துக்கொள்வோம். இன்னும் உழைக்கும் குடை என்றால் நாங்களே சொல்லிவிடுவோம்: கம்பி மாற்ற ஒன்றுக்கு ரூ. 40, நுனி தைக்க ரூ. 10. பில்லோடு வந்தால், மழையில் போடாத ரெயின்கோட்டை 7 நாளுக்குள் வேறு அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காலை 9.30 முதல் இரவு 9 வரை. ஞாயிறு மதியம் 2 வரை. மழை கொட்டுகிற நேரத்தில் வந்து நின்றாலும் சரி, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து ஒதுங்குங்கள். வாசல் ஷெட் ஒரு மூலையில் ஒழுகுகிறது.