வட்டிக்கு வாங்கும் முன்

தம்பி, தங்கச்சிகளே, கறவை மாடு வளர்ப்புச் செலவுக்கு 50,000 ரூபாய் வேண்டும். ஊர் வட்டிக்காரர் ‘மூணு வட்டி’ என்பார். மாதம் 1,500, வருஷம் 18,000. அசல் அப்படியே நிற்கும்! கிசான் கடன் அட்டையில் வருஷ வட்டி 7 சதவீதம்; தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்தான்.

சரி, வங்கியில் நாலு தடவை அலைய வேண்டும்: ஆதார், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்பார்கள். வட்டிக்காரர் ராத்திரியே தருவார், ஆனால் எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்குவார். அதை மட்டும் போடாதீர்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு 2003 சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை. மிரட்டினால் காவல் நிலையம் போங்கள். வங்கி புகாரைக் கவனிக்காமல் 30 நாள் போனால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே எழுதலாம்.