மெல்ல பல் மருத்துவமனை: பெயரும் பேச்சும்

பாளையங்கோட்டைக் கிளையில் வேலை செய்பவர்களுக்கும், பலகை எழுதித் தருபவருக்கும்

'மெல்ல' என்றால் அவசரமில்லாமல். உணவைக் கடித்து மெல்வதற்கு என்றும் பொருள். பயந்து வருகிறவருக்கு முதல் பொருளைக் கொடுத்தால் இரண்டாவது பின்னால் வரும். இந்தச் சிலேடையைப் பலகையில் விளக்க வேண்டாம். படிப்பவர்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பலகையில் வர வேண்டியது இவ்வளவுதான்:

மெல்ல
பல் மருத்துவமனை
கேட்டுவிட்டுத்தான் தொடுவோம்

பின்னணி நுங்கின் வெளிர்நிறம், எழுத்து கரும்பச்சை. 'ல்' மீதுள்ள புள்ளி மட்டும் சற்றுப் பெரிதாக, வெள்ளையாக இருக்கட்டும். பல் படம் அதற்கு மேல் தேவையில்லை. சிரிக்கும் பல், கொறடு, சொத்தைப் பல்லின் பெரிய புகைப்படம் எதுவும் சுவரில் கூடாது. 'பல் போனால் சொல் போச்சு' என்று எழுதிப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். பல் போனபிறகு வருபவர் அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார்.

இந்த மருத்துவமனை யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது என்றால், நாற்பது வயதில் முதன்முறையாகப் பல் மருத்துவரிடம் வருபவரை. கிராம்புத் தைலம், உப்பு வெந்நீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று நாளைக் கடத்திவிட்டு, தூக்கம் போனபிறகு வருகிறார். ஊசிக்குப் பயப்படுவார். திட்டு வாங்குவோமோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுவார். ஆகவே 'ஏன் இத்தனை நாள் வரவில்லை?', 'பல்லே தேய்ப்பதில்லையா?' ஆகிய இரண்டு கேள்விகளும் இங்கே யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, என் வாயிலிருந்தும்தான். 'வந்தது நல்லதாயிற்று, எப்போதிலிருந்து வலிக்கிறது?' என்று தொடங்குங்கள். தேவையான தகவல் அதிலேயே கிடைத்துவிடும்.

தொலைபேசியில்: 'வணக்கம், மெல்ல பல் மருத்துவமனை. முதல் தடவை வருகிறீர்களா, ஐயா? இன்று பார்த்துப் பேசுவது மட்டும்தான். சிகிச்சை என்ன, எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவோம். வீட்டில் கலந்து பேசிவிட்டு வரலாம். ஆலோசனைக் கட்டணம் 200 ரூபாய். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம் வரக்கூடும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.'

நாற்காலியில் பொய் சொல்லக் கூடாது. 'வலிக்கவே வலிக்காது', 'எறும்பு கடித்த மாதிரி' இரண்டும் தடை. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த சொல்லை நம்ப மாட்டார். சொல்ல வேண்டியது: 'முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் பொறுப்போம். ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். பிறகு அழுத்துவது தெரியும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவேன்.' கை தூக்கினால் உண்மையாகவே நிறுத்த வேண்டும். 'இதோ முடிந்தது' என்று தொடர்ந்தால் பலகையில் எழுதியது பொய்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே நுழைந்ததும் பலருக்கு வயிற்றைப் புரட்டுவது யூஜினால் வாசனை. கிராம்பில் இருப்பதுதான், தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறோம். அதன்மேல் மல்லிகை ஸ்பிரே அடித்தால் இன்னும் மோசம். சன்னலைத் திறந்து வையுங்கள், கேட்டால் 'பிரியாணியில் போடும் கிராம்புதான், அம்மா' என்று சொல்லுங்கள். துளையிடும் கருவி ஓடும்போது உள்கதவு மூடியிருக்க வேண்டும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள். பற்காரை பல்லைச் சிமெண்ட் போலப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே தளர்ந்திருந்த பல்லின் ஆட்டம் தெரியவரும் என்று பொறுமையாக விளக்குங்கள்.

'அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்' என்று பிள்ளையை மிரட்டும் பெற்றோரிடம் சண்டை வேண்டாம். பிள்ளையின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, பல்லை எண்ணச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு முதல் நாள் அதோடு போதும்.

பல் எடுத்த அன்று கையில் கொடுக்கும் சீட்டு:

'பஞ்சை அரை மணி நேரம் கடித்திருங்கள். உதடு இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருக்கும், அதுவரை கடித்துக்கொள்ளாதீர்கள். இன்று வாய் கொப்பளிக்க வேண்டாம். உறிஞ்சு குழாயும் சூடான காபியும் வேண்டாம். மோர் சாதம் ஆகலாம். புகை பிடிப்பவர் இன்றாவது விட்டுவிடுங்கள். இரத்தம் நிற்கவில்லை என்றால் எந்நேரமும் அழையுங்கள். தொந்தரவாக நினைக்க மாட்டோம்.'